பிஞ்சு ஏன் உதிர்ந்தது?

சுண்டு விரல் நீளத்துக்கு ஒரு சுரைப் பிஞ்சு. நேற்றுவரை பச்சைப்பசேலென்று, மேலெல்லாம் பூனை முடி படர்ந்து நின்றது. இன்று நுனியில் லேசாக மஞ்சள் தட்டியிருக்கிறது. நாளை மறுநாள் தொட்டால் கையோடு வந்துவிடும். மாடியில் ஒரு கொடியாவது ஏற்றிப் பார்த்தவர்கள் எல்லோரும் கண்ட காட்சிதான். ஆனால் தோட்ட வீடியோக்களில் இந்தப் பிஞ்சுக்கு இடம் கிடைப்பது அபூர்வம். அங்கே விதை போட்ட மறு நிமிடம் பந்தல் நிறையக் காய் தொங்கும். நடுவில் போன அறுபது எழுபது நாளைப் பின்னணி இசை விழுங்கியிருக்கும்.

தமிழில் தோட்டத்துக்கென்று நடக்கும் சேனல்கள் இன்று ஏராளம். கோவையின் 'தோட்டம் சிவா' மாதிரி, மாடித் தொட்டிகளில் தொடங்கி, பிறகு நிலத்துக்கும் போய், ஆடிப்பட்டத்தை விதையிலிருந்து அறுவடைவரை தொடராகக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். தவறுகளை மறைக்காமல் சொல்லும் பழக்கமும் மெல்ல வந்துகொண்டிருக்கிறது. "இந்த வருஷம் சுரை எனக்கு வரலை" என்று ஒருவர் கேமராவைப் பார்த்துச் சொன்னால் பார்ப்பவருக்கு ஓர் ஆறுதல்: நமக்கு மட்டும் இல்லை.

ஆறுதலோடு நின்றுவிட்டால் அந்த வீடியோவால் அடுத்த ஆடிக்கு ஒன்றும் பயனில்லை. வரவில்லை என்பது சேதிதான். ஏன் வரவில்லை என்பதற்குச் சாட்சி வேண்டும். அந்தச் சாட்சியைப் பயிர் செத்த பிறகு தேட முடியாது. விதை போடும் அன்றே சேர்க்கத் தொடங்க வேண்டும். ஒரே ஒரு சுரைக்கொடியை ஆடியிலிருந்து ஐப்பசிவரை ஒரு சேனல் எப்படிக் காட்டலாம், எங்கெல்லாம் சறுக்கும் என்று பார்த்தால் இது புரியும்.

சென்னையில் ஒரு மூன்றாவது மாடி என்று வைத்துக்கொள்வோம். ஆடிப்பெருக்கன்று, அதாவது ஆகஸ்ட் 3 வாக்கில், விதை ஊன்றுகிறார்கள். நல்ல நாள், வீடியோவுக்கும் தோதான நாள். சுரை ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். சுமார் 45 நாளில், செப்டம்பர் 17 அளவில், முதல் பூ. அது ஆண் பூவாகத்தான் இருக்கும். பெண் பூ வர இன்னும் ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கும். செப்டம்பர் 25-க்கு ஒரு பெண் பூ மலர்ந்து பிடித்ததென்றால், சுமார் இரண்டு வாரத்தில், அக்டோபர் 8 அளவில், முதல் காய் பறிக்கலாம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20-ஐ ஒட்டி. ஆக, பெருமழைக்கு முன்னால் கையில் இருப்பது சுமார் இரண்டு வாரம்தான். ஆடி முதல் தேதியே விதைத்திருந்தால் கூடவே பதினேழு நாள் கிடைத்திருக்கும்.

இந்தக் கணக்கு கோவையில் அப்படியே செல்லாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் வீசும் காற்று அங்கே வேறு தினுசு. மாடியில் நிற்கும் பிஞ்சுக் கொடியின் இலையை அது கிழித்துப்போடும். மேற்குப் பக்கம் ஒரு நிழல்வலைத் தடுப்பு கட்டாமல் நாற்றை வெளியே வைக்கக் கூடாது. ஆனால் ஐப்பசி மழை சென்னை அளவுக்கு அடித்து நொறுக்காது என்பதால் கொடிக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆயுசு. கன்னியாகுமரிப் பக்கம் இரண்டு பருவமழையும் எட்டும், அங்கே கணக்கே வேறு. இப்படியிருக்க, ஊர் பெயரும் தேதியும் சொல்லாமல் "இப்ப விதைச்சுடுங்க" என்று ஒரு வீடியோ சொன்னால், அது யாருக்குச் சொன்னது? அடுத்த ஆண்டு தையில் அந்த வீடியோ யாராவது ஒருவர் கைப்பேசியில் முளைக்கும். அவரும் "இப்ப" என்றால் தை என்று எடுத்துக்கொள்வார்.

ஊரும் தேதியும் திரையில் எழுத்தாக வந்தால் முதல் சிக்கல் தீர்ந்தது. இரண்டாவது, அளவு.

கிராமத்தில் சுரைக்குக் குழி எடுப்பார்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 30 சென்டிமீட்டர். குழிக்குப் பத்துக் கிலோ தொழுவுரம் என்பது வேளாண் துறையினர் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. குழிக்கு ஐந்து விதை ஊன்றி, பதினைந்தாம் நாள் வாக்கில் வலுவான இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் களைந்துவிடுவார்கள். அந்த வேருக்குக் குழி தொடக்கம்தான். அது சுற்றிலும் பரவித் தோட்டம் முழுக்கத் தேடித் தின்னும். மாடியில் இருக்கும் 18 அங்குலப் பையோ அந்தச் செடிக்கு மொத்த உலகம். செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க் கழிவு ஒரு பங்கு என்று நிரப்பிய பையில், குழியில் விடுவதுபோல இரண்டு செடியை விட்டால் இரண்டும் இளைக்கும். ஒன்றுதான் தாங்கும்.

அதனால் "ஒரு கைப்பிடி உரம் போடுங்க" என்ற வாசகம் இருவருக்கும் இரண்டு அர்த்தம் தருகிறது. குழியில் ஒரு கைப்பிடி யானைப் பசிக்குச் சோளப்பொரி. பையில், அதுவும் ஆட்டெரு மக்காமல் சூடாக இருந்தால், அதே கைப்பிடி வேரைக் கருக்கிவிடும். கிராமத்துக்கும் நகரத்துக்கும் சேர்த்துப் பேச நினைக்கும் சேனல், ஒவ்வொரு முறையும் எதில் போடுகிறோம், எவ்வளவு பெரிய பை, எத்தனை கிராம் என்று சொல்லியாக வேண்டும். சமையலறைத் தராசு ஒன்று தோட்டத்துக்கு வந்துவிட்டால் இது பெரிய வேலையில்லை. இதே தராசு பிறகு வேறொன்றுக்கும் பயன்படப்போகிறது.

கொடி ஆறேழு இலை விட்டதும் வருகிறது அந்தப் புகழ்பெற்ற கத்தரிக்கோல். 'த்ரீ ஜி கட்டிங்' என்ற பெயரில் இந்திய மொழிகள் எல்லாவற்றிலும் தோட்டக்காரர்கள் காட்டும் வித்தை. முதன்மைக் கொடி முதல் தலைமுறை. அதன் நுனியைக் கிள்ளினால் இலைக்கணுக்களிலிருந்து பக்கக் கிளை வரும், அது இரண்டாம் தலைமுறை. அதையும் கிள்ளினால் மூன்றாவது. மூன்றாம் தலைமுறையில் முழுக்கப் பெண் பூ, காய் கொத்துக்கொத்தாய்க் காய்க்கும் என்பது வாக்குறுதி.

வித்தையில் உண்மை இருக்கிறது. சுரையின் முதன்மைக் கொடி பெரும்பாலும் ஆண் பூவைத்தான் தரும். பக்கக் கிளைகளில்தான் பெண் பூ கூடுதலாக வரும். நுனி இருக்கும்வரை அது பக்க மொட்டுகளை அடக்கி வைக்கும். நுனி போனால் அவை விழித்துக்கொள்ளும். இது தோட்டக்காரர் கற்பனை அல்ல, செடியின் இயல்பு. ஆனால் வீடியோவில் சொல்லாத பக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை கிள்ளும்போதும் கொடி சில நாள் பின்தங்கும். இரண்டு தடவை கிள்ளினால் பத்து நாள், இரண்டு வாரம் தள்ளிப் போகலாம். மேலே பார்த்த சென்னைக் கணக்கில் மழைக்கு முன்னால் இருந்ததே அவ்வளவு நாள்தான்! இன்னொன்று, முதன்மைத் தண்டிலேயே பெண் பூ பூக்கும்படி உருவாக்கிய வீரிய வெள்ளரி ரகங்கள் இருக்கின்றன. அவற்றின் நுனியைக் கிள்ளுவது கையில் இருக்கும் காயைக் கிள்ளி எறிவது.

மூன்றாவது, பெண் பூ இரண்டு மடங்கானால் காய் இரண்டு மடங்காகும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அந்த ஒரு பை மண்ணும், அந்தக் கொடியின் இலைகளும் எத்தனை காயைப் போட்டு வளர்க்க முடியுமோ அத்தனையைத்தான் செடி வைத்துக்கொள்ளும். மீதியைத் தானே உதிர்த்துவிடும். ஐந்து பிள்ளை பெற்ற வீட்டில் சோறு ஐந்து மடங்காகிவிடுமா என்ன?

அப்படியானால் வெட்டலாமா, கூடாதா? வாதாடிப் பயனில்லை. பக்கத்தில் ஒரு வெட்டாத செடி வேண்டும்.

இதை வருடக்கணக்காகப் பிடிவாதமாகச் செய்து காட்டியவர் இங்கிலாந்தின் சார்லஸ் டவுடிங். சாமர்செட் பகுதியில் அவருடைய காய்கறித் தோட்டம் இருக்கிறது. சொந்தப் பெயரிலேயே வீடியோ சேனல் நடத்துகிறார். மண்ணைக் கொத்தாமல், கிளறாமல், மேலே மக்கிய உரத்தைப் பரப்பி அதிலேயே பயிர் செய்யலாம் என்பது அவருடைய கட்சி. இதைச் சொல்பவர்கள் பலர் உண்டு. அவர் வேறுபடுவது பக்கத்துப் பாத்தியில். 2013 முதல் ஒரே அளவில் இரண்டு பாத்திகளை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். இரண்டிலும் ஒரே பயிர், ஒரே நாளில் நடவு, ஒரே அளவு உரம். ஒன்றை ஆண்டுதோறும் கொத்துவார், மற்றதைத் தொடமாட்டார். பறிக்கும் ஒவ்வொரு கீரைக்கட்டையும் நிறுத்து எழுதி, ஆண்டு முடிவில் இரண்டு பாத்தியின் மொத்தத்தையும் வெளியிடுவார். கொத்தாத பாத்தி மொத்தத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தந்து வருகிறது. ஆனால் தனித்தனிப் பயிராகப் பார்த்தால், சிலது கொத்திய பாத்தியில் நன்றாக வந்த ஆண்டுகளும் உண்டு; அதையும் அவர் மறைப்பதில்லை. தன் கட்சிக்கு எதிரான எடையையும் தராசில் வைத்துக் காட்டுபவர் பேச்சை நம்ப மனசு வருகிறது.

நம் மூன்றாவது மாடிக்கு அந்த இரண்டு பாத்தி இரண்டு வரிசைப் பைகளாக மாறும். ஒரே பாக்கெட் விதை, ஒரே நாள், ஒரே கலவை, ஒரே வெயில். மூன்று செடியை வெட்ட வேண்டும், மூன்றைத் தொடக் கூடாது. ஒவ்வொன்றிலும் ஒன்று போதாதா என்றால், போதாது. ஒரே பாக்கெட்டிலிருந்து வந்த இரண்டு விதைகூட ஒன்று வீரியமாகவும் ஒன்று சோனியாகவும் வரும். சோனி எந்தப் பக்கம் விழுந்தது என்பதை வெட்டின் பலன் என்று நினைத்துவிடுவோம். மூன்றும் பெரிய எண்ணிக்கை இல்லைதான், ஆனால் ஒரு மாடியில் ஆறு பைக்கு மேல் சுரைக்கே கொடுத்தால் வீட்டில் சண்டை வரும். குறித்துக்கொள்ள வேண்டியவை நான்கே: முதல் பெண் பூ மலர்ந்த தேதி, மொத்தப் பெண் பூ, பறித்த காய், அவற்றின் எடை. இந்த நான்கு எண்ணையும் சீசன் முடிவில் திரையில் போட்டால், வெட்டினால் நல்லதா என்ற கேள்விக்கு அந்த ஊருக்கும் அந்த மாதத்துக்கும் உரிய விடை கிடைத்துவிடும். பஞ்சகவ்யம், மீன் அமிலம், மோர்க் கரைசல் எதைப் பற்றிய வாக்குறுதிக்கும் இதே சோதனைதான். தெளித்த செடியை மட்டும் காட்டி "பாருங்க எப்படி இருக்கு" என்றால், தெளிக்காத செடி எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

இனி அந்த மஞ்சள் பிஞ்சுக்கு வருவோம். ஏனென்றால் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் நடக்கின்றன. தவறை ஒப்புக்கொள்வதிலும் இங்கேதான் தவறு நடக்கிறது.

மாடியில் தேனீ வரத்துக் குறைவு, அதனால் கையாலேயே மகரந்தம் தொட்டுவிட வேண்டும் என்பது எல்லாச் சேனலும் சொல்வது. ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத் தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் மெல்லத் தடவ வேண்டும். பெண் பூவை அடையாளம் காண்பது எளிது: பூவுக்கு அடியில் குட்டிச் சுரைக்காய் ஒன்று இருக்கும், ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். இதுவரை சரி. பிசகுவது நேரத்தில். வீடியோ எடுக்க வெளிச்சம் வேண்டும், ஆபீஸ் போவதற்கு முன்னால் எடுத்தாக வேண்டும். எனவே எல்லாக் கொடிக்கும் காலை எட்டு மணி.

பூசணிக்கும் பாகலுக்கும் வெள்ளரிக்கும் காலை சரிதான். அவை விடியலில் மலர்கிற பூக்கள். மஞ்சள் பூ. சுரையும் புடலும் வெள்ளைப் பூ; அவை மலர்வது பொழுது சாயும்போது. இருட்டில் பறக்கும் அந்துப்பூச்சிக்காக விரித்த வெள்ளை அது. நிறத்தை வைத்தே நேரத்தைச் சொல்லிவிடலாமே என்று தோன்றும். பீர்க்கை அந்தச் சூத்திரத்தைக் கெடுக்கும்: அதன் பூ மஞ்சள், ஆனால் மலர்வது மாலையில். சுரைப் பூவைக் காலை எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் இதழ் துவண்டிருக்கும். அதற்குள் மகரந்தத்தின் வலுவும் குறைந்துபோயிருக்கும். அந்த நேரத்தில் எத்தனை பக்குவமாகத் தடவினாலும் பிஞ்சு பிடிப்பது அதிர்ஷ்டம்.

மூன்றாம் நாள் பிஞ்சு மஞ்சளாகிறது. சேனல்காரர் நேர்மையாக ஒரு வீடியோ போடுகிறார்: "என் தப்பு, சத்து பத்தலை, உரம் வைக்கணும்." தவறு நடந்தது உண்மை, ஒப்புக்கொண்டதும் உண்மை, சொன்ன காரணம் மட்டும் பொய். அவரை நம்பி நூறு மாடிகளில் உரம் விழும். தழைச்சத்து கூடினால் கொடி இலையாய்த் தழைக்கும், பூ இன்னும் பின்வாங்கும். மறைத்த தவறைவிட, தப்பான காரணத்தோடு சொன்ன தவறு சில சமயம் அதிகம் கெடுக்கும்.

காரணத்தைக் கண்டுபிடிக்கக் கண்ணும் ஒரு கத்தியும் போதும். மகரந்தம் சேராத பிஞ்சு வளர்வதே இல்லை. பூ மலர்ந்த அன்று இருந்த அளவிலேயே நின்று, நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கி, சில நாளில் உதிரும். தோலில் ஒரு துளையும் இருக்காது. அறுத்துப் பார்த்தால் உள்ளே சுத்தமாக இருக்கும். மகரந்தம் சேர்ந்ததென்றால் இரண்டு மூன்று நாளிலேயே பிஞ்சு பருத்திருப்பது கண்ணுக்குத் தெரியும். காம்பு கனம் தாங்காமல் கீழே வளையத் தொடங்கும். அப்படி நன்றாகப் பருத்து, விரல் அளவு தாண்டி வளர்ந்த பிஞ்சு பிறகு மஞ்சளானால், அது வேறு கதை. தோலைக் கூர்ந்து பார்த்தால் ஊசி குத்தினதுபோல ஒரு புள்ளி, அதில் பிசின் துளி கசிந்து உறைந்திருக்கும். அந்த இடத்தில் காய் பள்ளம் விழுந்து கோணியிருக்கும். அறுத்தால் வெள்ளைப் புழு நெளியும். பழ ஈ.

இரண்டு பிஞ்சும் மஞ்சள்தான், இரண்டும் உதிர்ந்ததுதான். ஒன்றுக்கு மருந்து மாலை ஆறு மணி. மற்றதற்கு அது அல்ல. உதிர்ந்த பிஞ்சை கேமரா முன்னால் வைத்து அறுத்துக் காட்டாத வரை எந்தக் காரணம் சொன்னாலும் அது ஊகம்தான். சேனல்காரர்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் காட்டுவதுபோல நல்ல காயை மட்டும் அறுத்துக் காட்டுகிறார்கள். அறுக்க வேண்டியது அழுகினதை.

பழ ஈ விஷயத்தில் கிராமத்துக்கும் நகரத்துக்கும் நிலைமை அப்படியே தலைகீழ். கிராமத்தில் தேனீக்கும் அந்துப்பூச்சிக்கும் பஞ்சமில்லை, மகரந்தச் சேர்க்கை தானாக நடந்துவிடும். ஆனால் சுற்றிலும் பாகல், பீர்க்கு, பூசணி என்று வயல் இருப்பதால் ஈயும் தாராளம். நகரத்து மாடியில் முதல் ஆண்டு ஈ வராமலேகூடப் போகலாம். அப்போது எடுத்த வீடியோவில் "பூச்சித் தொல்லையே இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு வரும்போது அந்த வீடியோ மட்டும் அப்படியே இருக்கும்.

இங்கே கைக்காசு போகும் தவறு ஒன்று உண்டு. கவர்ச்சிப் பொறி வாங்குகிறார்கள். மஞ்சள் டப்பா, உள்ளே மருந்தில் ஊறிய ஒரு கட்டை. மாவுக்கும் கொய்யாவுக்கும் வரும் பழ ஈ ஒரு இனம். அதை இழுப்பது மெத்தில் யூஜினால். சுரை, பாகல் வகைக்கு வரும் ஈ வேறொரு இனம். அதற்கு வேண்டியது கியூலூர். கடையில் இரண்டும் ஒரே மாதிரி டப்பாவில் இருக்கும், கடைக்காரர் கேட்பது "பழ ஈப் பொறிதானே?" என்று மட்டும்தான். மெத்தில் யூஜினாலை வாங்கிப் புடலைப் பந்தலில் தொங்கவிட்டால் இரண்டு நாளில் ஈக்கள் விழத்தான் செய்யும், பக்கத்து வீட்டுக் கொய்யாவிலிருந்து! பொறி நிறைய ஈ, வீடியோவுக்கு அருமையான காட்சி. புடலங்காய் மட்டும் தொடர்ந்து அழுகிக்கொண்டிருக்கும்.

சரியான கட்டையே வாங்கினாலும் அது இழுப்பது ஆண் ஈயை. ஏற்கெனவே இணை சேர்ந்த பெண் ஈ முட்டை வைப்பதை அது தடுக்காது. ஊர் முழுக்க, ஏக்கர் கணக்கில் பொறி வைத்தால் ஆண் குறைந்து இனம் குறையும். ஒற்றை மாடியில் ஒற்றைப் பொறி பெரும்பாலும் ஈ இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் காவலாளி, அவ்வளவுதான். மாடிக்கு நிச்சயமாக உதவுவது பழைய கை வேலை: மகரந்தம் சேர்ந்து பிஞ்சு பருக்கத் தொடங்கியதும் காகிதப் பையோ மெல்லிய துணிப் பையோ கட்டிவிடுவது. ஐந்தாறு கொடிக்கு இது முடியும். அரை ஏக்கர் பந்தலில் காய் காயாகப் பை கட்ட ஆள் கூலி கட்டுபடியாகாது. அங்கே பொறியும், விழுந்த காயைத் தினமும் பொறுக்குவதும்தான் வழி. பொறுக்கியதை எருக்குழியில் போடுவது பலர் செய்யும் பிசகு. புழு காயிலிருந்து வெளியேறி மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். எருக்குழி அதற்கு மெத்தை. கெட்டியான பாலித்தீன் பையில் போட்டு வாயை இறுக்கக் கட்டி வெயிலில் போட்டுவிட வேண்டும், அல்லது ஆழப் புதைக்க வேண்டும்.

பின் ஐப்பசி. சாயங்காலம் சரியாக மழை பிடித்துக்கொள்ளும் நாட்களில் மாலையில் மலர்ந்த பூ நனைந்து மகரந்தம் பாழாகும், கையால் தடவவும் வழியிருக்காது. இலையில் நரம்புகளுக்கு நடுவே கோணல்மாணலாக மஞ்சள் திட்டு விழும். திட்டின் அடிப்பக்கம் சாம்பல் பூத்தால் அது அடிச்சாம்பல் நோய். ஒரு சேனலுக்கு இதைவிட அலுப்பான காட்சி இல்லை; கொடியை அறுத்துப்போட்டுவிட்டு நேரே மார்கழிப் பூச்செடிகளுக்குப் போய்விடத் தோன்றும். ஆனால் தராசில் நிறுத்து எழுதிய கணக்கு முடிவது இந்த வாரத்தில்தான். ஆறு கொடியும் எத்தனை கிலோ தந்தன, எந்தத் தேதியோடு நின்றன என்பது இப்போதுதான் தெரியும்.

இதில் சேனல் நடத்துபவர்களின் ஒரு சங்கடமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. விதைப்பு வீடியோவை ஆனியிலும் ஆடியிலும் ஊரே பார்க்கும். கணக்கு முடிக்கும் வீடியோ கார்த்திகையில் வரும்போது யாருக்கும் சுரை ஞாபகம் இருக்காது. பார்க்காத வீடியோவுக்கு உழைக்க யாருக்கு மனசு வரும்? இதனால்தான் வாக்குறுதி ஊரெல்லாம் பரவுகிறது, விளைச்சல் கணக்கு ஓர் ஓரத்தில் கிடக்கிறது. பார்ப்பவர் அலுக்காமல் இதைச் சமாளிக்க ஒரு எளிய வழி, கார்த்திகைக் கணக்கை அடுத்த ஆண்டு ஆடி வீடியோவின் முதல் இரண்டு நிமிடத்தில் வைப்பது: போன வருடம் இந்தத் தேதிக்கு விதைத்தோம், இத்தனை கிலோ வந்தது, இதில் பிசகினோம், அதனால் இந்த முறை இரண்டு வாரம் முன்னால் விதைக்கிறோம். விதைக்கப்போகிறவர் பார்க்கும் நேரத்தில் பார்க்க வேண்டியது கண்ணில் படும்.

கொடியின் கடைசிக் காயை முற்றவிட்டு விதைக்கு எடுப்பது வழக்கம். குடுக்கை காய்ந்து, ஆட்டினால் விதை சலசலக்கும். வீடியோவுக்கு இதமான முடிவு. வீரிய ரக விதையாக இருந்தால் அதன் பிள்ளை தாயைப்போல வராது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நாட்டு ரகமென்றாலும், பூச்சியோ கையோ பக்கத்து வீட்டுச் சுரையின் மகரந்தத்தைக் கொண்டுவந்திருக்கலாம். காய் உருண்டையாக வரலாம், பாம்பாக நீளலாம், அதுகூடப் பரவாயில்லை. சில சமயம் கசக்கும்.

கசக்கும் சுரைக்காய் வேடிக்கை இல்லை. சுரைக் குடும்பத்தின் கசப்புக்குக் காரணம் குக்குர்பிட்டாசின் என்ற பொருள். அது மிகுந்த காயின் சாறு வயிற்றைப் புண்ணாக்கி, ரத்த வாந்திவரை கொண்டுபோகும், உயிருக்கும் ஆபத்து. 2010-ல் டெல்லியில் சுரைக்காய்ச் சாறு குடித்த ஒரு விஞ்ஞானி இறந்தபின், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் இதை ஆராய ஒரு வல்லுநர் குழுவை அமைத்தது. கசக்கும் சாற்றை எக்காரணம் கொண்டும் குடிக்கக் கூடாது என்பது அந்தக் குழுவின் எச்சரிக்கை. வேகவைத்தால் கசப்பு போய்விடும் என்று நம்பி ஏமாறவும் கூடாது.

ஆகவே மாடியில் முதல் காய் பறித்த அன்று, கூட்டா பொரியலா என்று கேட்பதற்கு முன்னால், சேனல்காரர் ஒரு வில்லை அறுத்து நுனி நாக்கில் வைத்துப் பார்ப்பதைக் காட்ட வேண்டும். கசந்தால் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்து, காயை அப்படியே தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, எந்தப் பையிலிருந்து பறித்தது என்று குறித்துக்கொண்டு, அந்தக் கொடியை வேரோடு பிடுங்க வேண்டும். கேமரா ஓடிக்கொண்டிருக்கட்டும்.